99 ரூபாய் சந்தா, 2 ரூபாய் தள்ளுபடி: மின்சார கார் வைத்திருப்பவருக்கு லாபமா?

'மாதம் 99 ரூபாய் கட்டுங்கள், ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 ரூபாய் தள்ளுபடி பெறுங்கள்.'

மின்சார கார் வாங்கிய முதல் வாரத்திலேயே இப்படி ஓர் அறிவிப்பு செல்போனில் வந்து நிற்கும். சார்ஜிங் நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். ஒன்று மாதச் சந்தா என்று சொல்லும், இன்னொன்று வருடச் சந்தா என்று சொல்லும். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் இருப்பது தள்ளுபடிதான். எத்தனை யூனிட் போட்டால் கட்டிய சந்தா திரும்பக் கிடைக்கும் என்று எந்த ஆப்பும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. அதற்கான கணக்கோ மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்குதான். சந்தாத் தொகையைத் தள்ளுபடியால் வகுக்க வேண்டும். 99-ஐ 2-ஆல் வகுத்தால் 49.5. அதாவது, மாதம் 50 யூனிட்டாவது அந்த நிறுவனத்தின் சார்ஜரில் போட்டால்தான் போட்ட பணம் வரும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு யூனிட்டும்தான் லாபம்.

கணக்கு எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல், 'அந்த நிறுவனத்தின் சார்ஜரில்' என்ற மூன்று வார்த்தைகளில் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, சீர்காழியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வீட்டு யூனிட்டும் வெளி யூனிட்டும்

அப்பா, அம்மா இருவரும் சீர்காழியில் வேலை பார்க்கிறார்கள். மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். கார் நாற்பது யூனிட் பேட்டரி கொண்டது. நெடுஞ்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் கிடைக்கிறது. முழு சார்ஜில் 240 கிலோமீட்டர் ஓடும்.

சொந்த வீடு. கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் பொருத்தியிருக்கிறார்கள். இரவில் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். வேலைக்குப் போவது, வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் போவது, மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம், சிதம்பரத்தில் ஒரு டாக்டர், காரைக்காலில் ஒரு உறவினர் வீடு, எல்லாம் இந்த ஒரு சார்ஜுக்குள் அடங்கிவிடும். கும்பகோணம் போய்த் திரும்பினாலும் பாதி பேட்டரி கையில் இருக்கும். டெல்டாவுக்குள் சுற்றும்வரை இந்தக் குடும்பத்துக்கு வெளிச் சார்ஜரே தேவையில்லை.

வீட்டில் போடும் யூனிட்தான் மலிவும்கூட. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் நிர்ணயித்த வீட்டு மின்கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டிச் செலவழிப்பவர்கூட அந்த உச்சப் படியில் யூனிட்டுக்கு 11.80 ரூபாய்தான் கொடுக்கிறார். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு முன்னும் பின்னும் இருக்கிறது. டெஸ்லா நிறுவனம் 2025 ஆகஸ்டில் மும்பையில் தன் முதல் இந்திய வேகச் சார்ஜிங் நிலையத்தைத் திறந்தபோது யூனிட்டுக்கு 24 ரூபாய் என்று வைத்தது.

இந்த விலை வித்தியாசத்துக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. கார் சார்ஜ் செய்து கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதனால்தான் மின்வாரியம் அல்லாத யாரும் லைசென்ஸ் இல்லாமல் சார்ஜிங் நிலையம் வைக்க முடிகிறது. ஆனால் சேவை என்றால் ஜிஎஸ்டி உண்டு. வீட்டு மின்கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, வெளிச் சார்ஜிங்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆப்பில் 18 ரூபாய் என்று போட்டிருந்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வரி தனி' என்று இருந்தால், கையை விட்டுப் போவது 21 ரூபாய் 24 பைசா. இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது இரண்டும் வரியோடு சேர்ந்த விலையா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சந்தாத் தொகைக்கும் அதே பார்வை தேவை.

ஆக, சந்தாக் கணக்கில் சேர வேண்டியது கார் ஓடும் மொத்த யூனிட் அல்ல. வீட்டில் போடுவதைக் கழித்த பிறகு, வெளியே போடும் யூனிட் மட்டுமே.

ஒரு சென்னைப் பயணம்

இந்தக் குடும்பம் மாதம் ஒருமுறை மகளைப் பார்க்கப் போகிறது. சீர்காழியிலிருந்து கொள்ளிடம் தாண்டி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் சென்னை சுமார் 240 கிலோமீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஒரே சார்ஜில் போய்விடலாம். ஆனால் பேட்டரியைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்துகொண்டு யாரும் ஓட்டுவதில்லை.

அதனால் மாமல்லபுரம் பக்கம் சாப்பாட்டுக்கு நிற்கும்போது 18 யூனிட் போடுகிறார்கள். சென்னையில் ஊருக்குள் 60 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். தங்கும் உறவினர் வீடு அடுக்குமாடி, அங்கே சார்ஜ் போட வழியில்லை. ஒரு பொதுச் சார்ஜரில் 22 யூனிட் போடுகிறார்கள். திரும்பும்போது மரக்காணம் அருகே 15 யூனிட். மூன்றும் சேர்ந்து 55 யூனிட். வீடு வந்து சேரும்போது பேட்டரியில் ஐந்து யூனிட் மிச்சம்.

ஒரு யூனிட் 20 ரூபாய் என்றால் வெளிச் சார்ஜ் செலவு 1,100 ரூபாய். 99 ரூபாய் சந்தா கட்டியிருந்தால் 55 யூனிட்டுக்கு 2 ரூபாய் வீதம் 110 ரூபாய் மிச்சம். சந்தாவைக் கழித்தால் நிகர லாபம் 11 ரூபாய்.

"என்னங்க, ஒரு காபிக் காசுக்கா இவ்வளவு யோசனை?" என்று அம்மா கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் காபிக் காசும் மூன்று நிறுத்தங்களிலும் ஒரே நிறுவனத்தின் சார்ஜர் கிடைத்தால்தான்.

மரக்காணம் அருகே அந்த நிறுவனத்தின் சார்ஜர் இல்லை, அல்லது இருந்தும் அன்றைக்கு ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே போட்ட 15 யூனிட் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும். சந்தா நிறுவனத்தில் போட்டது 40 யூனிட்தான். மிச்சம் 80 ரூபாய், கட்டியது 99. லாபம் போய், 19 ரூபாய் நஷ்டம்.

வருடச் சந்தாவிலும் இதே கதைதான். வருடத்துக்கு 999 ரூபாய், யூனிட்டுக்கு 3 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு திட்டம் இருந்தால், 333 யூனிட் போட்டால் காசு வரும். மாதம் 55 யூனிட் வீதம் வருடத்துக்கு 660 யூனிட் என்று நினைத்தால் கட்டிவிடத் தோன்றும். ஆனால் கல்லூரி விடுமுறையில் மகளே ஊருக்கு வந்துவிடுவாள். பரீட்சை மாதங்களில் போக மாட்டார்கள். வருடத்தில் எட்டு பயணம்தான். ஒவ்வொன்றிலும் அந்த நிறுவனத்தில் 40 யூனிட் என்றால் மொத்தம் 320. 13 யூனிட் குறைகிறது. கட்டும் நாளில் லாபமாகத் தெரிந்த திட்டம், வருடக் கடைசியில் சிறு நஷ்டம்.

நடுவில் விதிகள் மாறுவதும் உண்டு. அமெரிக்காவின் பெரிய சார்ஜிங் நிறுவனங்களில் ஒன்றான எலக்ட்ரிஃபை அமெரிக்கா, மாதம் 4 டாலராக இருந்த தன் சந்தாவை 2023-ல் 7 டாலராக்கியது. சந்தா ஏறினாலோ தள்ளுபடி குறைந்தாலோ, காசு திரும்ப எடுக்கப் போட வேண்டிய யூனிட்டும் ஏறிவிடும். அன்றைக்கு மறுபடி ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

சார்ஜ் முடிந்த பிறகு ஓடும் மீட்டர்

சந்தாவின் லாபத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது இன்னொன்று. சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் நிமிடக் கணக்கில் போடும் காத்திருப்புக் கட்டணம். ஆப்பில் இதை 'ஐடில் ஃபீ' என்று போட்டிருப்பார்கள்.

இதைப் பரவலாக்கியது டெஸ்லா. 2016 டிசம்பரில் அறிமுகம் செய்தது. சார்ஜ் முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் வண்டியை எடுத்துவிட்டால் கட்டணம் கிடையாது. நிலையம் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும் இப்போது கட்டணம் கிடையாது. மொத்த நிலையமும் நிறைந்திருந்தால் கட்டணம் இரட்டிப்பு. எலக்ட்ரிஃபை அமெரிக்கா பத்து நிமிடம் அவகாசம் கொடுத்து, பிறகு நிமிடத்துக்கு 40 சென்ட் போடுகிறது. நம் ஊர் நிறுவனங்களில் சில வசூலிக்கின்றன, சில வசூலிப்பதில்லை. அவகாசமும் தொகையும் நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். சார்ஜ் தொடங்கும் முன் அந்த நிலையத்தின் விலைப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாமல்லபுரம் பக்கத்துச் சாப்பாட்டுக்குத் திரும்புவோம். 18 யூனிட் ஏற 35 நிமிடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டலில் கூட்டம். இலை போட்டு, சாப்பிட்டு, கை கழுவி, பில் கட்டி வர 65 நிமிடம். இடையில் முப்பது நிமிடம் வண்டி சும்மா நின்றது. பத்து நிமிடம் அவகாசம் போக, இருபது நிமிடத்துக்கு நிமிடம் 2 ரூபாய் வீதம் 40 ரூபாய். அந்த 18 யூனிட்டில் சந்தா மிச்சம் பிடித்துக் கொடுத்தது 36 ரூபாய். கொடுத்ததை வாங்கிக்கொண்டதோடு மேலும் நான்கு ரூபாய் போய்விட்டது.

இந்தக் கட்டணத்தை அநியாயம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே ஒரு சார்ஜர் இருக்கும் இடத்தில், அடுத்து வருபவர் பத்து சதவீதப் பேட்டரியோடு வந்து நிற்கலாம். வண்டி பூட்டியிருந்தால் சார்ஜர் கன்னும் காரில் பூட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் வந்து திறக்காமல் வேறு யாராலும் அதைக் கழற்ற முடியாது. சாப்பிடுகிறவர் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சார்ஜ் 'முடிவது' பேட்டரி நிறையும்போது மட்டும் அல்ல. 18 யூனிட் போதும் என்று ஆப்பில் வைத்திருந்தால், அது ஏறியதும் முடிந்துவிடும். காரிலேயே 80 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தால் அங்கே முடிந்துவிடும். வாலட்டில் பணம் தீர்ந்தால் முடிந்துவிடும். மின்சாரம் போய், சார்ஜர் தானாக நின்றுபோனாலும் முடிந்துவிடும். ஹோட்டலில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. அங்கே காத்திருப்பு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் சாப்பிடப் போகும்போது ஆப்பின் அறிவிப்பு ஒலி வைத்திருப்பது அவசியம். இலை முன்னால் உட்கார்ந்த பிறகு ஒருமுறை திறந்து, எத்தனை நிமிடம் மீதி என்று பார்த்துக்கொள்ளலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முதலில் சாப்பிட்டு முடித்தவர் சாவியோடு போய் வண்டியைத் தள்ளி நிறுத்திவிடலாம். மின்தடையால் நின்றுபோன சார்ஜுக்குக் காத்திருப்புக் கட்டணம் விழுந்திருந்தால், சார்ஜ் நின்ற நேரம் தெரியும் திரையைப் படம் பிடித்து, ஆப்பிலேயே புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜரில் போடாமல் இருப்பதும் நல்லது. அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதம் ஏற ஆகும் நேரத்தில் அடுத்த ஊருக்குப் பாதி தூரம் போய்விடலாம்.

வரைபடத்தில் இருப்பதும் வழியில் இருப்பதும்

சந்தா வாங்கச் சொல்லும் ஆப், நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் சார்ஜர் என்று பெருமையாகக் காட்டும். சீர்காழிக் குடும்பத்துக்கு அந்த எண்ணிக்கையால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று இடங்கள்.

சீர்காழியிலேயே சார்ஜர் இருக்கிறதா என்பதுகூட இவர்களுக்குப் பெரிய கேள்வி இல்லை. ஊரில்தான் வீடே சார்ஜராக இருக்கிறதே! 120 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளூரில் ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகையைத் தினமும் பார்க்கிறோம் என்பதற்காக அதில் சந்தா கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

'நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதல் சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்றது. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல் இந்த இடைவெளியை 20 கிலோமீட்டராகக் குறைத்தது. ஆனால் இது எல்லா நிறுவனங்களின் நிலையங்களையும் சேர்த்துச் சொல்லும் இலக்கு. ஒரே நிறுவனம் 20 கிலோமீட்டருக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வழியில் ஆறு நிலையங்கள் இருந்து, ஆறும் நான்கு நிறுவனங்களுடையதாக இருந்தால், ஒரு சந்தாவுக்கு அதில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

வரைபடத்தில் தெரியும் எல்லாப் புள்ளியும் உதவாது. சிலது ஏழு கிலோவாட்டுக்கும் குறைவான மெதுச் சார்ஜர். அதில் 18 யூனிட் போட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். சிலது கார் ஷோரூம் வளாகத்துக்குள் இருக்கும், இரவு ஷோரூம் மூடினால் கேட்டும் மூடிவிடும். சில இடங்களில் ஒரே ஒரு கன் இருக்கும். அது பழுதானாலும், இன்னொரு வண்டி நின்றாலும் அவ்வளவுதான். இரண்டு கன்னாவது இருக்கிற, சமீபத்தில் யாராவது சார்ஜ் போட்ட இடத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். பல ஆப்களில் கடைசியாகச் சார்ஜ் போட்டவர்களின் கருத்து இருக்கும். மூன்று வாரமாக யாரும் எதுவும் எழுதாத நிலையத்தை நம்பி 20 சதவீதப் பேட்டரியோடு போகக் கூடாது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2022 டிசம்பரில் வெளியிட்ட 'ஈ.வி. யாத்ரா' ஆப்பில் பல நிறுவனங்களின் நிலையங்களை ஒரே வரைபடத்தில் பார்க்கலாம்.

சந்தாவால் வரும் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அது 19 ரூபாய் நஷ்டம் அல்ல. திரும்பும் வழியில் மரக்காணம் வரும்போது பேட்டரியில் பத்து யூனிட், அதாவது கால்வாசி மிச்சம். எதிரே வேறு நிறுவனத்தின் சார்ஜர் காலியாக இருக்கிறது. "நம்ம சந்தா இருக்கிற சார்ஜர் புதுச்சேரியில இருக்கு, அங்கயே போட்டுக்கலாம்" என்று அப்பா வண்டியை விடுகிறார். மிச்சம் பிடிக்க நினைப்பது 15 யூனிட்டுக்கு 30 ரூபாய். புதுச்சேரி போய்ச் சேரும்போது நான்கு யூனிட்தான் இருக்கும். அங்கே வரிசை நின்றாலோ, சார்ஜர் பழுதாகிக் கிடந்தாலோ, ஞாயிறு இரவு, பின் சீட்டில் தூங்கும் பாட்டியோடு, ஊருக்குள் வேறு சார்ஜர் தேடி அலைய வேண்டும். வழியிலேயே நின்றுவிட்டால் வண்டியைத் தூக்கிப் போகக் கொடுக்கும் பணத்தில் பல வருடச் சந்தா கட்டிவிடலாம்.

பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் சந்தாவை மறந்துவிட வேண்டும். ஓடுகிற சார்ஜர் எது கண்ணில் படுகிறதோ, அதில் போட வேண்டும்.

வாலட்டில் தூங்கும் பணம்

வேறு நிறுவனத்தில் போடுவதற்கும் ஒரு முன்தயாரிப்பு வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு வாலட். மரக்காணத்தில் சிக்னல் கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டு, புது ஆப்பை இறக்கி, ஓடிபி வாங்கி, பணம் ஏற்றுவது சிரமம். வழியில் உள்ள மூன்று நிறுவனங்களின் ஆப்பையாவது வீட்டிலேயே இறக்கிப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எல்லாவற்றிலும் 500 ரூபாய் போட்டு வைத்தால், 1,500 ரூபாய் வாலட்களில் தூங்கும். அப்போதைக்கப்போது யுபிஐ-யில் கட்ட விடும் நிறுவனம் வழியில் இருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

வாலட்டிலும் ஒரு தள்ளுபடி வரும். '2,000 ரூபாய் ஏற்றினால் 200 ரூபாய் கூடுதல்' என்பார்கள். பத்து சதவீதத் தள்ளுபடி என்று தோன்றும். 2,200 ரூபாய்ச் சார்ஜை 2,000-க்கு வாங்குவதால் அது உண்மையில் ஒன்பது சதவீதம். அந்தக் கூடுதல் பணத்துக்குக் காலாவதித் தேதி இருக்கிறதா, மீதிப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

எல்லா நிறுவனங்களையும் ஒரே ஆப்புக்குள் கொண்டுவரும் வேலையை மத்திய அரசு தன் பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் கீழ் பெல் நிறுவனத்திடம் கொடுத்திருப்பதாக 2025-ல் அறிவித்தது. அது வந்தால் ஆப் தொல்லை குறையும். ஆனால் ஒரு நிறுவனத்தின் சந்தாத் தள்ளுபடியை இன்னொரு நிறுவனம் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதனால் வந்துவிடாது. வழிக்கணக்கு அப்போதும் போட வேண்டியிருக்கும்.

யாருக்குச் சந்தா லாபம்?

சீர்காழியிலேயே வாடகை வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பார்ப்போம். வீட்டுக்காரர் சார்ஜர் பொருத்த விடவில்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்குத் தேவை சுமார் 167 யூனிட், அத்தனையும் வெளி யூனிட். மாதம் 199 ரூபாய்க்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் தள்ளுபடி கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்தால், 501 ரூபாய் மிச்சம், சந்தா போக 302 ரூபாய் லாபம். ஆனால் அந்த நிறுவனத்தின் சார்ஜர் அவர் தினமும் போய்வரும் வழியிலேயே இருக்க வேண்டும். சார்ஜ் போடுவதற்காகவே சிதம்பரம் போய்வந்தால் 40 கிலோமீட்டர் ஓடும். ஏழு யூனிட், அதாவது நூறு ரூபாய்க்கு மேல், போக்குவரத்திலேயே போய்விடும். மாதம் மூன்று முறை அப்படிப் போனால் லாபம் மறைந்துவிடும்.

சொந்த வீட்டுக் குடும்பத்துக்கு விடை வேறு. அவர்கள் மாதாமாதம் சந்தா கட்ட வேண்டியதில்லை. மகள் ஹாஸ்டல் மாறும் மாதத்தில் இரண்டு முறை சென்னை போக வேண்டியிருக்கும். அப்போது சந்தா நிறுவனத்தில் 80 யூனிட், 160 ரூபாய் மிச்சம், சந்தா போக 61 ரூபாய் லாபம். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாம். கட்டிய அன்றே ஆப்பிலும் யுபிஐ-யிலும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் போகாத மாதத்துக்கும் 99 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும்.

புதிதாகக் கார் வாங்கியவர் முதல் மூன்று மாதம் எந்தச் சந்தாவும் கட்டாமல், ஒவ்வொரு வெளிச் சார்ஜுக்கும் நான்கு விவரங்களைக் குறித்து வைக்கலாம்: எந்த ஊர், எந்த நிறுவனம், எத்தனை யூனிட், போன உடன் சார்ஜர் ஓடியதா. மூன்று மாதம் கழித்து, அதிகம் வரும் நிறுவனத்தின் யூனிட்டை மட்டும் கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். அந்த எண், சந்தாவைத் தள்ளுபடியால் வகுத்து வரும் எண்ணைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் சந்தா கட்டலாம். ஒட்டி ஒட்டி வந்தால் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இருபது நிமிடம் நீண்டால் போதும், அந்தச் சின்ன லாபம் காத்திருப்புக் கட்டணமாகப் போய்விடும்.